148 மெகாபைட் மலரும் ஒரு மெகாபைட் எழுத்தும்: பணம் கட்டி ஏழு மாதம் கழித்து

டிடிபி கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் போனில் கேட்டார். "அண்ணே, ஏஐ சாட்டுக்கு மாசம் ரெண்டாயிரம் கட்டலாமா, இலவசமே போதுமா? ஃபைல் ஏத்தணும், அதுதான் எனக்கு முக்கியம்." ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்றார். முடியவில்லை. ஏழு மாதமாகப் பணம் கட்டிவரும் எனக்கு இதில் ஒரு தீராத எரிச்சலும் எதிர்பாராத ஒரு சந்தோஷமும் இருக்கின்றன. இரண்டையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். நான் கட்டும் சேவையின் பெயர் வேண்டாம், என் கோபத்துக்குப் பெயர் அவசியமில்லை.

நான் மெய்ப்புத் திருத்துபவன். எங்கள் ஊர்ப் பள்ளியின் பழைய நூற்றாண்டு மலரை மறுபதிப்புக்குத் தயார் செய்யும் வேலை வந்தது. 212 பக்கம். கையில் இருந்தது ஒரே ஒரு ஸ்கேன் பிடிஎஃப், 148 மெகாபைட். பின்னிணைப்பாக ஒரு பெயரகராதி வேண்டும், யார் பெயர் எந்தெந்தப் பக்கத்தில் வருகிறது என்று. பணம் கட்டியதே இதற்காகத்தான்.

இந்தச் சேவைகளின் உதவிப் பக்கங்களில் முதலில் கண்ணில் படுவது மெகாபைட் கணக்கு. 2025இல் சாட்ஜிபிடி ஒரு கோப்புக்கு 512 மெகாபைட் வரை எடுத்துக்கொண்டது, கிளாட் உரையாடலில் 30. இதைப் பார்த்தால் முதலாவது பதினேழு மடங்கு பெரியது என்றுதான் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த எண் கோப்பை வாசல் தாண்டி உள்ளே விடுவதற்கு மட்டும்தான். உள்ளே போன கோப்பு படிக்கப்படுமா என்பது வேறு கணக்கு. அந்த சாட்ஜிபிடியிலேயே எழுத்துக் கோப்புகளுக்கு 20 லட்சம் டோக்கன் என்ற தனி வரம்பு இருந்தது. டோக்கன் என்பது ஏஐ எழுத்தைப் பிரித்து எண்ணும் சின்னத் துண்டு. கிளாடில் அப்போது 100 பக்கத்தைத் தாண்டிய பிடிஎஃப் என்றால் பக்கத்தின் படத்தைப் பார்க்காது, உள்ளே இருக்கும் எழுத்தை மட்டும் எடுத்தது.

இந்த 'உள்ளே இருக்கும் எழுத்து' என்பதில்தான் நான் மாட்டினேன். என் சேவையில் மலரை ஏற்றினேன். ஒரு நிமிடத்தில் ஏறிவிட்டது, எந்த மறுப்பும் வரவில்லை. பெயரகராதி கேட்டதும் அழகான பட்டியல் வந்தது. அதில் அந்தப் பள்ளியில் ஒருநாளும் வேலை பார்க்காத ஒரு தலைமையாசிரியர் இருந்தார். பக்க எண்ணும் போட்டிருந்தது! அந்தப் பக்கத்தைத் திருப்பினால் விளையாட்டு விழாப் படம்.

காரணம் எளிது. ஸ்கேன் பிடிஎஃப் என்பது 212 போட்டோக்கள், அவ்வளவுதான். அதில் ஓர் எழுத்துகூட எழுத்தாக இல்லை. 'இந்தக் கோப்பில் எனக்கு எழுத்து கிடைக்கவில்லை' என்று ஒரு வரி வந்திருந்தால் நான் கோபப்பட்டிருக்க மாட்டேன். அந்த வரி இல்லாமல் பட்டியல் வந்ததுதான் இன்றுவரை ஆறாத எரிச்சல்.

ஏற்றுவதற்கு முன் இதைக் கண்டுபிடிக்க அரை நிமிடம் போதும். பிடிஎஃபைத் திறந்து ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். ஒன்றும் விழவில்லை என்றால் அது படம். தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் கொட்டினால் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் செய்த கோப்பு. டிடிபி தம்பிக்கு இந்த இரண்டாவதுதான் அடிக்கடி வரும். திரையில் சுத்தமான தமிழாகத் தெரியும், எழுத்தை உருவி எடுக்கும் எந்த மென்பொருளுக்கும் அது குப்பையாகத்தான் போய்ச் சேரும். அதை யூனிகோடுக்கு மாற்றிய பிறகுதான் ஏற்ற வேண்டும்.

என்னுடையது முதல் வகை. ஆகவே படத்தில் இருக்கும் எழுத்தை எழுத்தாகவே மாற்றும் ஓசிஆர் போட்டேன். இதற்கு எந்தச் சந்தாவும் தேவையில்லை, இலவச மென்பொருள் நம் கணினியிலேயே ஓடும். அதில் தமிழ்த் தரவையும் சேர்த்து நிறுவியிருக்க வேண்டும்.

```
ocrmypdf -l tam+eng malar.pdf malar-ocr.pdf
```

துணைக்காலை 'ர' என்று எடுத்துவிடும், ழகரமும் ளகரமும் சில இடங்களில் இடம் மாறும். பெயர்கள் என்பதால் ஒவ்வொன்றையும் கண்ணால் சரிபார்த்தேன். அதில் குறை சொல்ல மாட்டேன், அது என் தொழில்.

அப்புறம் மறுபடியும் முழு மலரையும் ஏற்றினேன். இந்த முறை பொய்ப் பெயர் வரவில்லை, ஆனால் பட்டியல் முழுசாக இல்லை. எனக்கு ஒரு சோதனைப் பெயர் இருந்தது: பள்ளியில் முப்பது வருஷம் மணியடித்தவர். 187ஆம் பக்கத்தில் ஒரே ஒரு இடத்தில், இரண்டு வரி. அவர் பட்டியலில் இல்லை. பெயரைச் சொல்லித் தனியாகக் கேட்டபோது சரியான பக்கத்தோடு வந்தது! அதாவது, பெரிய கோப்பை அது முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து வாசிப்பதில்லை. துண்டு துண்டாகப் பிரித்து வைத்துக்கொண்டு, கேள்விக்குப் பொருத்தமாகத் தெரியும் சில துண்டுகளைத்தான் எடுத்துப் பார்க்கிறது. குறிப்பிட்ட ஒருவரைக் கேட்டால் அவர் இருக்கும் துண்டு வரும். 'எல்லாரையும் கொடு' என்றால் எந்தத் துண்டு என்று அதற்குத் தெரியாது. பெயரகராதி, பிழைத்திருத்தம், மொத்தக் கணக்கு என்று எதையும் விடாமல் பார்க்க வேண்டிய வேலை எல்லாமே இதில் அடிபடும். நீங்களும் கோப்பின் கடைசிப் பகுதியில் ஒரே ஒருமுறை வரும் ஒரு பெயரைக் குறித்துவைத்துக்கொண்டு, மொத்தப் பட்டியல் கேட்டுப் பாருங்கள். உடனே தெரிந்துவிடும்.

தமிழில் டோக்கன் செலவும் கொஞ்சம் கூடுதல். முன்பு இது அநியாயமாக இருந்தது. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ என்ற மாடல் வந்தபோது சாட்ஜிபிடியின் நிறுவனமான ஓபன்ஏஐ காட்டிய உதாரணத்தில், ஒரே செய்தி தமிழில் 116 டோக்கனிலிருந்து 35க்கு இறங்கியது. அதே செய்தி ஆங்கிலத்தில் 24. இன்னும் ஒன்றரை மடங்குக்கு அருகில்தான், ஆனால் பழைய நிலைமையை நினைத்தால் இது பெரிய நிம்மதி.

கடைசியில் நடந்த வழி இது. பிடிஎஃபையே கைவிட்டேன். எழுத்தை மட்டும் 36 பக்கமாக வெட்டி ஆறு கோப்புகள் ஆக்கினேன்.

```
pdftotext -f 1 -l 36 malar-ocr.pdf part1.txt
```

பக்கம் மாறும் இடத்தில் இது கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியை மட்டும் வைக்கும். அந்தந்த இடத்தில் பக்க எண்ணை நானே தட்டச்சு செய்தேன், இல்லையென்றால் அகராதியில் எண் வராது. ஒவ்வொரு கோப்பையும் தனித்தனிப் புது உரையாடலில் கொடுத்தேன். மணியடித்தவர் வந்துவிட்டார்.

இப்போது அளவைப் பாருங்கள். ஒரு பக்கத்துக்குச் சுமார் 1,500 எழுத்துக்குறி, யூனிகோடில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். 212 பக்கமும் சேர்ந்து ஒரு மெகாபைட்டைத் தொடவில்லை. 148 மெகாபைட்டுக்கு இடம் வேண்டும் என்று பணம் கட்டினேன், வேலை முடிந்தது ஒரு மெகாபைட்டுக்குள்.

அப்படியானால் கட்டணத்தில் உண்மையில் என்ன கிடைக்கிறது? எண்ணிக்கை. 2025 இறுதியில் சாட்ஜிபிடி இலவசக் கணக்கில் நாளுக்கு 3 கோப்பு, பணம் கட்டும் பிளஸ் கணக்கில் 3 மணி நேரத்துக்கு 80 வரை. என்னுடைய ஆறு கோப்புக்கு இலவசத்தில் இரண்டு நாள் ஆகும், பணம் கட்டினால் ஒரே மாலை. தப்பாக வெட்டி மறுபடி ஏற்ற வேண்டியிருந்தால் இன்னும் இரண்டு நாள். அவசரமில்லாத வேலைக்கு இலவசமே போதும் என்று மனசாரச் சொல்வேன். ஒலிக்கோப்பு விஷயத்தில் மட்டும் வித்தியாசம் பெரிது: கூகுளின் ஜெமினியில் 2025இல் இலவசமாக 10 நிமிடம், கட்டணத்தில் 3 மணி நேரம். ஒரு கூட்டத்தின் பதிவையோ முதியவர் ஒருவரின் பேட்டியையோ 10 நிமிடத்தில் அடைக்க முடியாது.

சரி, சந்தோஷத்துக்கு வருகிறேன். என் மனைவி செவிலியர். ஜெர்மனி வேலைக்காக மொழி படிக்கிறார், இப்போது பி1 என்ற இடைநிலை. கோதே நிறுவனம் நடத்தும் பி1 பேச்சுத் தேர்வு இருவர் இருவராக நடக்கும். சேர்ந்து ஒரு திட்டம் போட வேண்டும், ஒரு தலைப்பில் பேச வேண்டும், அதைப் பற்றிக் கேள்வி கேட்டுப் பதில் சொல்ல வேண்டும். மொத்தம் கால்மணி நேரம். இரவுப் பணி முடிந்து வரும் அவருக்கு எதிரில் உட்கார்ந்து ஜெர்மன் பேச எங்கள் தெருவில் யாரும் இல்லை. குரல் உரையாடல் அந்த இடத்தை நிரப்பியது. தினம் மூன்று சுற்று, முக்கால் மணி நேரம்.

முதலில் இலவசக் கணக்கில்தான் பேசினார். சாட்ஜிபிடியின் மேம்பட்ட குரல் 2024 செப்டம்பரில் பணம் கட்டியவர்களுக்கு வந்தது. 2025 பிப்ரவரியில் இலவசக்காரர்களுக்கும் வந்தபோது, நாளுக்கு ஓர் அளவு என்று வைத்து, திறன் குறைந்த சின்ன ஏஐ மாடலைக் கொடுத்தார்கள். எல்லாச் சேவையிலும் நிமிடக் கணக்கோடு இதையும் பார்க்க வேண்டும்: பேசுவது பெரிய மாடலா, சின்னதா என்று. எங்கள் அனுபவத்தில் சின்னது மரியாதையாகப் பேசும், ஆனால் வேற்றுமை உருபுப் பிழையைக் கவனிக்காமல் விட்டுவிடும். பெயர்ச்சொல்லுக்கு முன் 'டெர்' வர வேண்டிய இடத்தில் 'டீ' என்றாலும் அடுத்த கேள்விக்குப் போய்விடும். மனைவி வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிப் பார்ப்பார். திருத்தினால் பெரியது, திருத்தாவிட்டால் சின்னது என்று அர்த்தம்.

பணம் கட்டிய கணக்கில் முக்கால் மணி நேரமும் திருத்தம் வருகிறது. அவர் வார்த்தை தேடி நிற்கும்போது இடையில் புகுந்துவிடுவது மட்டும் இன்னும் இருக்கிறது, அதற்கு அவர் ஜெர்மனில் 'ஆக...' என்பதுபோல வரும் 'ஆல்சோ...' என்று இழுத்து இடம் பிடிக்கப் பழகிக்கொண்டார். தேர்விலும் அது உதவும் என்கிறார். தமிழில் பேசிப் பார்க்க மட்டும் வேண்டும் என்றால் ஜெமினியின் குரல் உரையாடலான ஜெமினி லைவ் 2024 அக்டோபரிலிருந்து தமிழுக்கும் வரத் தொடங்கியது, அதற்குக் காசு வேண்டாம். இன்னொன்று, தட்டச்சுப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் மைக் குறியில் சொல்லி எழுத வைப்பது வேறு, குரல் உரையாடல் வேறு. சொல்லி எழுத மட்டும் வேண்டியவர்கள் மைக்கைத் தொட்டால் போதும், குரலுக்கான அன்றைய அளவு கரையாது.

ஆகவே தம்பி, கோப்புக்காகக் கட்டாதீர்கள். ஓசிஆர் நிறுவுங்கள், வெட்டுங்கள், நாளுக்கு மூன்று என்று ஏற்றுங்கள். என் கோப்புக் கோபம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது, அந்த ஒரு வரி எச்சரிக்கையை அவர்கள் போடும்வரை இருக்கும். ஆனால் அடுத்த மாதமும் நான் கட்டுவேன். மனைவிக்குத் தேர்வு 19ஆம் தேதி.