கன்சீல்டு பீம் என்று சொல்லி இரண்டு பீமை விழுங்கிவிட்டார்கள்: ஸ்லாப் போடுமுன் இதைப் படியுங்கள்

12 அடிக்கு 16 அடி ஹால், 5 அங்குல ஸ்லாப், மேலே ஒரு படுக்கையறை. 12 அடிப் பக்கம் இரண்டிலும் 9 அங்குலச் சுமைதாங்கிச் சுவர். 16 அடிப் பக்கங்களில் ஒன்றில் முழுநீளக் கண்ணாடிக் கதவு, மற்றொன்றில் திறந்த முற்றம். வரைபடத்தில் அந்த இரண்டு பக்கமும் 9க்கு 15 அங்குல பீம் இருந்தது. "பீம் கீழே தொங்கினால் பார்க்க நன்றாயிருக்காது, கன்சீல்டாக, ஸ்லாபின் கனத்துக்குள்ளேயே மறைத்துப் போட்டுத் தருகிறேன், சீலிங் சமமாக வரும்" என்றார் ஒப்பந்தக்காரர். வீட்டுக்காரரும் தலையாட்டினார். பில்லில் மட்டும் பீமுக்கு முழு அளவு. ஸ்லாபுக்குக் கீழே வரவேண்டிய 10 அங்குலம் வராததால் மிச்சமான கான்கிரீட் சுமார் 20 கன அடி. பணம் போனதைவிடப் பெரிய சேதம் தலைக்கு மேலே நடந்திருந்தது.

ஸ்லாபுக்குக் கம்பி எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதை, அது எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் முடிவு செய்கிறது. இந்தியக் கான்கிரீட் விதிநூலான ஐஎஸ் 456 படி நீளத்தை அகலத்தால் வகுத்து 2-க்கு மேல் வந்தால் சுமை ஒரே திசையில் போகும் ஒன் வே, 2 அல்லது குறைவென்றால் இரு திசையிலும் போகும் டூ வே என்று எல்லோரும் சொல்வார்கள். நான்கு பக்கமும் தாங்கல் இருந்தால்தான் அந்தக் கணக்கு செல்லும். எதிரெதிரே இரண்டு பக்கம் மட்டும் தாங்கினால், அறை சதுரமாகவே இருந்தாலும் அது ஒன் வேதான். சுமை ஒரு தாங்கலிலிருந்து எதிர்த் தாங்கலுக்குத்தான் போகும். அந்தத் திசை நீளமானதாக இருந்தாலும் மெயின் கம்பி அதில்தான் ஓட வேண்டும்.

இந்த ஹாலில் 16ஐ 12ஆல் வகுத்தால் 1.33. நான்கு பக்கமும் சரியான தாங்கல் இருந்தால் டூ வே. அப்படி நினைத்துத்தான் குட்டைத் திசையில் 10 மி.மீ. கம்பியை அடியில் போட்டு, நீளத் திசையில் 8 மி.மீ. கம்பியை 200 மி.மீ. இடைவெளியில் மேலடுக்காகக் கட்டியிருந்தார்கள். ஆனால் ஸ்லாபின் கனத்துக்குள்ளேயே அடங்கிய பீம், ஸ்லாபோடு சேர்ந்தே வளையும். அதைத் தாங்கலாகக் கணக்கில் எடுக்கக் கூடாது. ஆக உண்மையான தாங்கல் 12 அடிச் சுவர் இரண்டுதான். ஸ்லாப் 16 அடியைத் தாண்டுகிறது, கனமான கம்பியோ குறுக்கே கிடக்கிறது.

வீட்டுத் தளத்துக்கான வழக்கமான சுமையில், ஓரங்கள் வெறுமனே தாங்கப்பட்டதாக எடுத்துக்கொண்டு கணக்கிட்டால், நான்கு பக்கமும் பீம் இருக்கும்போது நீளத் திசையில் ஒரு மீட்டர் அகலத்துக்கு வரும், ஸ்லாபை வளைக்கும் டிசைன் பெண்டிங் மொமென்ட் 7 கிலோநியூட்டன் மீட்டரை எட்டாது. கட்டிய கம்பியின் தாங்குதிறன் சுமார் 9, அதற்குப் போதும். இரண்டு சுவர் மட்டும் என்றால் அதே திசையில் 27-க்கு மேல். நான்கு மடங்கு! 5 அங்குல கனத்துக்கு எவ்வளவு கம்பி போட்டாலும் அது சரிவராது, கிட்டத்தட்ட 8 அங்குலமாவது வேண்டும். கன்சீல்டு பீமுக்குள் இருக்கும் கம்பிகள் கொஞ்சம் இழுத்துப் பிடிப்பதால் ஸ்லாப் உடனே விழாமல் மெல்லத் தொய்கிறது.

அடையாளம் இதுதான்: சீலிங்கின் அடியில், 16 அடியின் நடுவாக்கில், 12 அடிச் சுவருக்கு இணையாக விரிசல் ஓடும். சீலிங்கிலிருந்து இரு நுனியிலும் 5 செ.மீ. கட்டை வைத்து, சுவருக்குச் சுவர் நூலை இறுக்கிக் கட்டி நடுவில் அளந்து பாருங்கள். இடைவெளி 5 செ.மீ.யிலிருந்து எவ்வளவு குறைந்திருக்கிறதோ அவ்வளவு தொய்வு. நீளத்தில் 250-இல் ஒரு பங்கு, அதாவது இங்கே 20 மி.மீ., எல்லை. சென்ட்ரிங் இறங்கியதாலும் ஆரம்பத்திலேயே தொய்வு இருக்கலாம் என்பதால், தேதி போட்டுக் குறித்து மாதாமாதம் அளக்க வேண்டும். கூடிக்கொண்டே போனால் கோளாறு உறுதி.

கான்கிரீட் போடும் முன்பு இதைக் கண்டுபிடிப்பது எளிது. சென்ட்ரிங்கின் கீழே நின்று நான்கு ஓரத்தையும் பாருங்கள். ஸ்லாப் போடும்போதே அடியில் நிற்கும் சுமைதாங்கிச் சுவரும், கீழே நன்றாக இறங்கிய பீமும் தாங்கல். 16 அடிக்கு பீமின் மொத்த ஆழம் ஓரடிக்கு மேல் இருக்க வேண்டும். பிறகு கட்டப்போகும் நாலரை அங்குலத் தடுப்புச் சுவர் கணக்கில் வராது. அப்புறம் மேலே ஏறி, கவர் பிளாக்கின் மேல் நேராக உட்கார்ந்திருப்பது எந்தக் கம்பி என்று குனிந்து பாருங்கள். இரண்டே தாங்கல் என்றால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஓடும் கம்பிதான் அங்கே இருக்க வேண்டும். மூன்று பக்கத் தாங்கலும் பால்கனியும் வேறு கணக்கு, அவற்றுக்கு எஞ்சினியர் கையெழுத்திட்ட கம்பி வரைபடம் இல்லாமல் கான்கிரீட்டுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஏற்கெனவே போட்டாகிவிட்டது என்றால் முதலில் மேலே உள்ள பாரத்தை இறக்கி, நடுவில் முட்டுக் கொடுங்கள். இந்த ஹாலுக்குப் பொருந்தும் வழி, 16 அடியின் சரிபாதியில் 12 அடித் திசையில் ஒரு இரும்பு ஐ-செக்ஷன் பீம். இரு நுனியிலும் அதற்குத் தூணும் அஸ்திவாரமும் வேண்டும், கன்சீல்டு பீமின்மேல் ஏற்றிவைக்கக் கூடாது. பீமுக்கும் ஸ்லாபுக்கும் இடையே சுருங்காத கிரௌட்டை இறுக நிரப்பினால் தாண்டும் தூரம் 8 அடியாகப் பாதியாகிறது, மொமென்ட் 7-க்குள் வந்துவிடுகிறது, இருக்கிற 8 மி.மீ. கம்பியே அதைத் தாங்கும். புதுப் பீமுக்கு நேர் மேலே தரையில் மெல்லிய விரிசல் வரலாம், அந்த இடத்தில் மேல்கம்பி இல்லாததே காரணம்.