ஆள் போனால் கோப்பும் போகும்: பகிர்ந்த டிரைவா, சொந்த ஃபோல்டரா?

ஹட்டன் பக்கம் தோட்டப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் சின்ன அமைப்பு எங்களுடையது. மூன்று வருடம் எல்லாக் கோப்புகளும் செயலாளரின் My Drive-இல் ஒரு ஃபோல்டரில் இருந்தன. இப்போது கூகிள் வொர்க்ஸ்பேஸின் பகிர்ந்த டிரைவுக்கு மாறிவிட்டோம். என் சாய்வு எந்தப் பக்கம் என்று மறைக்கப் போவதில்லை.

வசதியில் பெரிய வித்தியாசம் இல்லை. பகிர்வது, சேர்ந்து திருத்துவது எல்லாம் இரண்டிலும் ஒன்றுதான். சொந்த ஃபோல்டருக்கு சாதாரண ஜிமெயில் போதும். பகிர்ந்த டிரைவை உருவாக்க அமைப்பின் பெயரில் வொர்க்ஸ்பேஸ் கணக்கு வேண்டும்.

வித்தியாசம் உரிமையில்தான். ஃபோல்டர் செயலாளருடையது என்பதால் உள்ளே இருப்பதும் அவருடையது என்றே நினைத்திருந்தோம். அப்படி இல்லை. அதற்குள் யார் கோப்பை உருவாக்கினாரோ அவரே அதன் உரிமையாளர். வரவு இடாப்பை உருவாக்கிய அக்கா வேலை கிடைத்து வெளிநாடு போனார். அவரது 15 ஜிபி நிரம்பியதும் பழையதை எல்லாம் அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்தார். அவரைக் குறை சொல்ல முடியாது, தொட்டியில் கிடப்பதும் இடத்தைப் பிடிக்கும். ஆனால் இடாப்பு எங்களுக்கும் போய்விட்டது. புலமைப்பரிசில் வகுப்பு ஆசிரியர் ஒருவர் அச்சடித்து வைத்திருந்த தாள்களைப் பார்த்துத்தான் திரும்பத் தட்டச்சு செய்தோம்.

பகிர்ந்த டிரைவில் கோப்பு அமைப்புடையது. ஆளை நீக்கினாலும் கோப்பு அங்கேயே இருக்கும். யார் என்ன செய்யலாம் என்பதை உறுப்பினர் பொறுப்பு தீர்மானிக்கும். புதிதாகச் சேர்ப்பவருக்குத் தானாக வருவது Content manager. அவர் கோப்புகளைக் குப்பைக்கு அனுப்பலாம். ஆகவே ஆசிரியர்களை Contributor ஆக்கினோம். அவர்கள் சேர்க்கலாம், திருத்தலாம், அழிக்க முடியாது. Manager இரண்டு பேர்: செயலாளரும் பொருளாளரும். ஒருவர் மட்டும் என்றால் அவர் விலகும் நாளில் பழைய கதைதான்.

ஒரு சிக்கல் உண்டு. கணினியில் Drive for desktop வழியாகத் திறக்கும் Contributor கோப்பைப் பார்க்கத்தான் முடியும். வேர்ட் கோப்பில் வேலை செய்யும் எங்கள் ஆசிரியர் ஒருவர் இரண்டு நாள் இதனோடு மல்லுக்கட்டினார். அவருக்கு மட்டும் Content manager கொடுத்தோம்.

மைக்ரோசாஃப்டில் எனக்குப் பழக்கம் குறைவு. டீம்ஸ் சேனலில் போடும் கோப்பு குழுவின் ஷேர்பாயின்டிலும், அரட்டையில் அனுப்புவது அனுப்பியவரின் ஒன்டிரைவிலும் தங்கும் என்பது வரை தெரியும். அங்கும் அதே பொறிதான் போலிருக்கிறது.

மாறுவதற்கு முன் ஒவ்வொருவரையும் டிரைவ் தேடலில் `owner:me` என்று தட்டச் சொன்னேன். அவரவர் பெயரில் உள்ள கோப்புகளை அது காட்டும். எங்கள் கணக்குப் புத்தகம் யார் பட்டியலிலும் இல்லை, இரண்டு வருடம் முன்பே விலகிய ஒருவரின் பெயரில் இருந்தது. நல்லவேளை, போனை எடுத்தார்.