tzf;fk; என்று கடிதம் வந்தால் எப்படிப் பதில் போடுவது?

சிற்றிதழ் ஒன்றின் பக்கங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் எனக்கு வரும் மின்னஞ்சல்களில் மாதத்துக்கு ஒன்றிரண்டாவது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த கூழாக இருக்கும். பலர் அதைப் பார்த்ததும் "எழுத்துரு தெரியவில்லை, யூனிகோடில் அனுப்புங்கள்" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தக் கூழிலேயே அனுப்பியவருடைய கணினியைப் பற்றிப் பாதி விவரம் இருக்கிறது. அதைப் படித்துவிட்டுப் பதில் போட்டால் நாலு கடிதம் மிச்சம்.

'வணக்கம்' என்ற ஒரே சொல் பழைய குறியேற்றங்களில், அதாவது எழுத்துகளுக்குக் கணினியில் இடம் ஒதுக்கிய முறைகளில், இப்படித் தெரியும்:

```
பாமினி      tzf;fk;
வானவில்    tz¡f«
டிஸ்கி       Å½ì¸õ
டாப்         õíè¢èñ¢
டாம்         õí‚è‹
```

முதல் இரண்டும் தட்டச்சுப் பொறியின் வழி வந்தவை. அதனால் வ, ண, க மூன்றும் இரண்டிலும் t, z, f என்றே இருக்கின்றன. வேறுபாடு புள்ளியில்தான். பாமினி புள்ளியைத் தனியாக, அரைப்புள்ளிக் குறியாக வைக்கிறது. வானவில் புள்ளி வைத்த எழுத்துக்குத் தனி இடம் கொடுத்திருக்கிறது: ¡ என்றால் க், « என்றால் ம். ஆகவே வரி முழுக்க அரைப்புள்ளியாக இறைந்து கிடந்தால் பாமினி, அரைப்புள்ளி இல்லாமல் நடுநடுவே ¡, «, œ எட்டிப் பார்த்தால் வானவில். இன்னொரு அடையாளம், சொல்லின் தொடக்கத்தில் காற்புள்ளி. பாமினியில் இ என்பதற்குக் காற்புள்ளி விசைதான், எனவே 'இலங்கை' ,yq;if ஆகிவிடும். ஆங்கிலத்தில் எந்தச் சொல்லும் காற்புள்ளியில் தொடங்காது.

இரண்டையும் குழப்பிக்கொண்டால் மாற்றி மென்பொருள் எச்சரிக்காது, தப்பும் தவறுமாக மாற்றிக் கொடுத்துவிடும். ஒற்றைக் கொம்பு பாமினியில் n, வானவில்லில் b. பாமினியிலோ b என்றால் டி. 'செயலகம்' வானவில்லில் brayf« என்று வரும், அதைப் பாமினி என்று நினைத்து மாற்றினால் 'டிசயலக' என்று வந்து கடைசியில் ஒரு « தொங்கும். மாற்றிய உரையில் காரணமில்லாமல் 'டி' பெருகியிருந்தால் தப்பான பெட்டியைத் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள் என்று பொருள்.

டிஸ்கியின் முகம் வேறு. பின்னங்களும் தலையில் கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகளுமாக இருக்கும். 'தமிழ்' என்பது ¾Á¢ú. இப்போது இது வருகிறது என்றால் பெரும்பாலும் தொண்ணூறுகளின் கடைசியிலோ அதற்குச் சற்றுப் பிறகோ சேமித்த கோப்பைத் திறந்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். இதில் ஒரு கண்ணி உண்டு. தொடக்கத்தில் இ இருந்த இடம், மற்ற மென்பொருள்கள் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்கோட்டுக்கு ஒதுக்கியிருந்த இடம். அதனால் 'இந்த' என்ற சொல் ஒட்டும்போது இகரம் மாயமாகி 'ந்த' மட்டும் மிஞ்சும். பிற்பாடு இகரத்தை þ இருக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். டிஸ்கியை மாற்றிய உரையில் சொற்கள் தலையில்லாமல் நின்றால், தலை எந்த எழுத்து என்று தேட வேண்டாம், இகரம்தான்.

டாமும் டாபும் 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றவை. டாபில் புள்ளி ¢ என்று தனியாக நிற்கும், டாமில் எழுத்தோடு ஒட்டிவிடும். 'மற்றும்' என்ற சொல்லைப் பிடித்தால் போதும், ñø¢Áñ¢ டாப், ñŸÁ‹ டாம். அதற்கு மேல் இவற்றோடு எனக்கு அதிகப் பழக்கமில்லை.

இந்தக் குடும்பத்தில் சேராத ஒன்றையும் சேர்த்துவிடுகிறவர்கள் உண்டு. à®¤à®®à®¿ என்று à®, à® என மூச்சுவிடாமல் வந்தால் அது பழைய எழுத்துருவே இல்லை. நல்ல யூனிகோடு உரையை நடுவில் ஏதோ ஒரு மென்பொருள் தவறாகப் படித்திருக்கிறது. அனுப்பியவர்மேல் குற்றமில்லை, அவரிடம் எழுத்துரு பற்றிப் பேசினால் விழிப்பார். வெறும் கேள்விக்குறிகள் வந்தால் எழுத்து வழியிலேயே செத்துவிட்டது, மீட்க முடியாது, திரும்ப அனுப்பச் சொல்வதைத் தவிர வேறு வழி கிடையாது.

அடையாளம் கண்டபின் அவசரப்படக் கூடாத இடம் ஒன்று இருக்கிறது. கடிதம் முழுவதும் நல்ல யூனிகோடில் இருந்து, நடுவில் ஒரு பத்தி மட்டும் jäœehL என்று தொடங்கினால், அவர் வானவில் பயன்படுத்துகிறவர் அல்லர். பழைய அரசாணையின் பிடிஎஃப் கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டியிருக்கிறார். 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்பதற்கு முந்தைய ஆவணங்களில் இது சாதாரணம். அந்தக் கோப்பு திரையில் அழகான தமிழாகத் தெரிந்ததால், ஒட்டியது என்ன ஆயிற்று என்று அவர் பார்த்திருக்கவே மாட்டார். அவருக்குப் பத்தியை மாற்றி அனுப்பினால் போதும், மென்பொருள் விசாரணை வேண்டாம். கடிதம் முழுவதுமே, 'வணக்கம் ஐயா' உட்பட, பழைய குறியேற்றத்தில் இருந்தால்தான் அவர் அதில் தட்டச்சு செய்கிறார் என்று பொருள்.

சென்ற ஆண்டு அச்சகத்துக்காரர் ஒருவரிடமிருந்து வந்த ஒன்றைக் காட்டுகிறேன்.

```
Tzf;fk; Iah> ePq;fs; mDg;gpa fl;Liu
Nfs;tpf;Fwpahf tUfpwJ. Vd; vd;W njhpatpy;iy.
```

"வணக்கம் ஐயா, நீங்கள் அனுப்பிய கட்டுரை கேள்விக்குறியாக வருகிறது. ஏன் என்று தெரியவில்லை" என்கிறார். அரைப்புள்ளிகள் பாமினி என்றன. முதல் எழுத்து வேறொன்றும் சொன்னது. tzf;fk; என்று இருக்க வேண்டியது Tzf;fk; என்றிருக்கிறது; பாமினியில் T என்றால் 'வு'. 'வுணக்கம்' என்று யாரும் வேண்டுமென்று எழுத மாட்டார்கள். வாக்கியத்தின் முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் வேலையை வேர்ட் தானாகச் செய்திருக்கிறது. ஆக, வேர்டில் பாமினி எழுத்துருவைத் தேர்ந்து தட்டச்சு செய்து, அதை மின்னஞ்சலில் ஒட்டியிருக்கிறார். ஒட்டியபோது எழுத்துரு கழன்றுவிட்டது.

என் முதல் பதில் மடத்தனமானது. "உங்கள் கணினியில் யூனிகோடு எழுத்துரு இல்லை போலிருக்கிறது, நிறுவிக்கொள்ளுங்கள்" என்று எழுதினேன். அவர் மறுநாள், இதே கூழில், என் கடிதம் நன்றாகத் தெரிகிறது என்று பதில் எழுதினார். அப்போதுதான் உறைத்தது. விண்டோஸ் 2000 முதலே யூனிகோடு தமிழ் காட்டும் வசதி இருக்கிறது. அவருக்குப் படிப்பதில் சிக்கலே இல்லை. கட்டுரையை அவர் எதில் ஒட்டுகிறார் என்பதுதான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பேஜ்மேக்கர் என்றார். 2001இல் வந்த 7.0 பதிப்போடு நின்றுபோன அந்தப் பக்க வடிவமைப்பு மென்பொருளுக்கு யூனிகோடு என்றால் என்னவென்றே தெரியாது. ஒட்டினால் கேள்விக்குறிதான்.

இனிப் பதில் போடும் வழிகளை ஒப்பிடலாம். யூனிகோடில் எழுதுவது அநேகமாக எல்லோருக்கும் படிக்கக் கிடைக்கும், ஆனால் அச்சகத்துக்காரருக்கு ஒட்டப் பயன்படாது. அவருடைய குறியேற்றத்திலேயே மாற்றிக் கடிதத்தில் எழுதுவது மரியாதை போலத் தோன்றும். உண்மையில் அவர் அதை வேர்டில் ஒட்டி எழுத்துரு மாற்றினால்தான் படிக்க முடியும். (பழைய தட்டச்சர்கள் சிலர் jkpo; என்பதை அப்படியே 'தமிழ்' என்று வாசித்துவிடுவார்கள், அது தனிக் கலை.) ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுவது எல்லா இடத்திலும் தெரியும், ஆனால் ல, ள, ழ பேதம் போய்விடும், எழுத்துப்பிழை பற்றிப் பேச வேண்டிய கடிதத்தில் அது உதவாது. படமாகவோ பிடிஎஃபாகவோ அனுப்பினால் பார்க்கலாம், தொட முடியாது.

என் தீர்ப்பு, கடிதம் யூனிகோடில், பொருள் இணைப்பில். அவர் எழுதியதை மாற்றி, "நீங்கள் எழுதியது இதுதானே?" என்று யூனிகோடில் முதலில் வைக்கிறேன். அதைப் படித்து ஆம் என்றால், குறியேற்றத்தைச் சரியாகப் பிடித்தேன் என்பதும் அவருக்கு யூனிகோடு தெரிகிறது என்பதும் ஒரே பதிலில் உறுதியாகிவிடும். கட்டுரையைப் பாமினிக்கு மாற்றி, எழுத்துருப் பெயரோடு ஆர்டிஎஃப் கோப்பாக இணைக்கிறேன். மாற்றுவதற்கு முன் ஆங்கிலச் சொற்களைத் தனியே எடுத்துவைக்க வேண்டும், இல்லாவிட்டால் அவையும் பாமினி எழுத்துருவில் மாட்டிக்கொள்ளும். Word என்பது 'றுழசன' ஆகிவிடும்.

எதிர்த்திசையில், அதாவது அவர் அனுப்புவதை நான் யூனிகோடாக்கும்போது, ரகரத்தில் தொல்லை இருக்கிறது. மேலே உள்ள கடிதத்தில் njhpatpy;iy என்று இருப்பதைப் பாருங்கள். ர என்பதற்குப் பாமினியில் u இருக்கிறது. ஆனால் ரி, ர் ஆகியவற்றுக்குக் கால் இல்லாத ரகரம்தான் அச்சில் அழகு என்று தட்டச்சர்கள் துணைக்கால் விசையான hஐ அடித்துப் பழகிவிட்டார்கள். கவனமில்லாத மாற்றி அதைத் துணைக்காலாகவே எடுத்துக்கொண்டு 'தொியவில்லை' என்று கொடுக்கும். பார்த்தால் சரியாகவே தெரியும். தேடினால் 'தெரியவில்லை' அகப்படாது. 'அவா்கள்', 'சோ்ந்து' எல்லாம் இதே வார்ப்புதான். சந்தேகம் வந்தால் புள்ளியின் பின்னால் சுட்டியை வைத்து ஒருமுறை பின்னழியுங்கள்: 'அவர' மிஞ்சினால் நல்ல ர், 'அவா' மிஞ்சினால் போலி.

துணைக்காலின்மேல் புள்ளியோ இகரக் குறியோ தமிழில் எங்கும் வராது என்பதால் கண்ணை மூடிக்கொண்டு மொத்தமாக மாற்றலாம்:

```
ொி → ெரி
ொ் → ெர்
ோி → ேரி
ோ் → ேர்
ாி → ரி
ா் → ர்
```

இப்படிப்பட்ட ரகரம் யூனிகோடு உரையிலேயே வந்தால், அனுப்பியவர் இன்னும் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து மாற்றி அனுப்புகிறார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. அவரிடம் நான் அதைப் பற்றிக் கேட்பதில்லை, திருத்திக்கொள்கிறேன்.

அந்த அச்சகத்துக்காரர் பேஜ்மேக்கரை விடவில்லை, நானும் விடச் சொல்லவில்லை. ஆர்டிஎஃப் கோப்பு சரியாக ஒட்டியது என்று அன்று மாலையே ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது: Ed;wp. மாற்றிப் பார்த்தேன், 'நுன்றி' என்றிருந்தது.