இரண்டு தீபாவளியும் ஒரு வாய்ஸ் நோட்டும்

குரோம்பேட்டையில் வீட்டுச் சமையல் ஆர்டர் எடுக்கத் தொடங்கியிருக்கும் தோழி ஒருத்தி, பண்டிகை ஆர்டருக்கு நான் அனுப்பும் வாய்ஸ் நோட்டின் வாசகத்தைத் தனக்கும் தரச் சொல்லிக் கேட்டாள். நங்கநல்லூரில் என் சமையலறையிலிருந்து 2024 தீபாவளி முதல் அதைப் பயன்படுத்தி வருகிறேன். கொடுப்பதற்கு முன் அதனால் பட்ட பாட்டையும் சொல்லிவிட வேண்டும்.

முதல் வாசகத்தைக் கட்டுரை எழுதுவதுபோல எழுதி, பார்த்துப் படித்துப் பதிவு செய்தேன். "தங்கள் ஆர்டர்களை முன்கூட்டியே தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று என் குரலே சொன்னதைக் கேட்டபோது, ரயில் நிலைய அறிவிப்பு நினைவுக்கு வந்தது. அடுத்த முறை, மாடிவீட்டு மாமியிடம் பேசுவதுபோல முதலில் பேசிவிட்டு, பேசியதை அப்படியே தாளில் இறக்கினேன். எண்களையும் எழுத்தில் எழுதிக்கொண்டேன். தாளில் 260 என்று இருந்தால் நாக்கு ஒரு நொடி தயங்குகிறது, அந்தத் தயக்கம் பதிவில் கேட்கிறது. அந்தப் பதிவுக்கு வந்த வரவேற்பை நான் எதிர்பார்க்கவில்லை. கண்பார்வை மங்கிய ஒரு பாட்டி, பேத்தியின் உதவியில்லாமல் தானே கேட்டுத் தானே ஆர்டர் சொன்னதாகச் சொன்னபோது, இதை விடவே கூடாது என்று நினைத்தேன்.

என்னை இன்றுவரை எரிச்சலூட்டுவது ஒன்றுதான்: வாய்ஸ் நோட்டுக்குத் தேதி கிடையாது. ஒருவர் அதை இன்னொருவருக்கு ஃபார்வர்ட் செய்தால், அனுப்பிய நாளைத்தான் போன் காட்டுமே தவிர, நான் பேசிய நாளைக் காட்டாது. என் பக்கத்தில் நான் அழித்தாலும் ஃபார்வர்ட் ஆன பிரதிகள் அழிவதில்லை. 2024 தீபாவளி வியாழக்கிழமை வந்ததால், "புதன்கிழமை சாயங்காலம் வந்து வாங்கிக்கோங்க" என்று பேசியிருந்தேன். 2025 தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. நான் கொடுக்க வைத்திருந்த நாளோ 18, சனிக்கிழமை. 15ஆம் தேதி, புதன்கிழமை மாலை, வேளச்சேரியிலிருந்து ஒரு பெண்மணி இரண்டு எவர்சில்வர் டப்பாக்களோடு வாசலில் வந்து நின்றார். முறுக்குக்கு அப்போதுதான் மாவு அரைக்கக் கொடுத்திருந்தேன். அவர் போனில் ஒலித்தது என் குரல்தான், ஆனால் போன வருடக் குரல், போன வருட விலை. அவர்மேல் தவறில்லை என்பது அன்றே தெரிந்தும், எனக்குக் கோபம் வந்தது.

அதற்குப் பிறகு, அந்த வருடக் கார்த்திகைக்கு எழுதிய வாசகம் இது:

"வணக்கம், நங்கநல்லூர்லேருந்து பேசறேன். இது ரெண்டாயிரத்து இருபத்தஞ்சு கார்த்திகை தீபத்துக்கு, டிசம்பர் மூணாம் தேதி புதன்கிழமைக்கு. நெல் பொரி உருண்டை, அவல் பொரி உருண்டை, வெல்ல அப்பம், இந்த மூணுதான் பண்றேன். உருண்டைய முன்னாடியே பிடிச்சு வெச்சா பொரி நமத்துடும், அதனால செவ்வாய்க்கிழமை ராத்திரிதான் பிடிப்பேன். எவ்வளவு பொரி வாங்கணும்னு எனக்குத் தெரியணும் இல்லியா, ஞாயித்துக்கிழமை, முப்பதாம் தேதி ராத்திரிக்குள்ள சொல்லிடுங்க. புதன்கிழமை காலைல பத்து மணிலேருந்து வீட்டுல வாங்கிக்கலாம். விலை கீழ எழுதியிருக்கேன், பாத்துட்டு சொல்லுங்க."

பண்டிகையின் பெயரோடு வருடமும் தேதியும் முதல் மூச்சிலேயே வந்துவிடுவதால், பழைய பதிவைக் கேட்பவர் பலகாரத்தின் பெயர் வருவதற்குள் அது பழையது என்று தெரிந்துகொள்வார். கிழமையைத் தனியாக விடாமல் தேதியோடு சேர்த்தே சொல்கிறேன். கெடு ஏன் என்று உருண்டையை வைத்தே சொல்லிவிட்டதால், திங்கட்கிழமை காலையில் வழக்கமாக வரும் "இன்னும் ஒரு பத்து உருண்டை மட்டும்" அந்த முறை வரவில்லை. விலையைக் குரலில் சொல்வதையே நிறுத்திவிட்டேன். ஒன்றரை வேகத்தில் ஓட்டிக் கேட்பவர்களுக்கு எழுபதும் எண்பதும் ஒன்றாகத்தான் விழுகின்றன, அப்புறம் வாசலில் நின்று இருவரும் சங்கடப்பட வேண்டியிருக்கிறது. விலையில் பிழை இருந்தாலும் எழுத்தாக இருந்தால் அனுப்பிய கால் மணி நேரத்துக்குள் திருத்தலாம், குரலைத் திருத்த முடியாது.

இப்போதைய வாசகத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் வருடம் சொல்லாத அந்த 2024 பதிவு ஊருக்குள் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. நேற்றுகூட யாரோ ஒருவர் அதையே எனக்குத் திருப்பி அனுப்பி, "மேடம், இந்த விலைக்கு அதிரசம் கிடைக்குமா?" என்று கேட்டிருந்தார். அந்த எரிச்சல் அடங்குவதற்குள் தோழி மறுபடியும் போன் செய்து கேட்டதால், "பேசாமல் எழுதியே அனுப்பிவிடு" என்று சொல்லிவிட்டேன்.