5 ஏக்கர் 20 சென்ட், 67 சென்ட் ஆன கதை: கேஎம்எல் ஃபைல் செய்யக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

மேலூருக்கு வடகிழக்கே எங்களுக்கு ஒரு மானாவாரி நிலம். 5 ஏக்கர் 20 சென்ட். கிட்டத்தட்ட சதுரம், மேற்குப் பக்கம் மட்டும் ஒரு ஒடிப்பு, ஆக மொத்தம் ஆறு எல்லைக் கல். சோலார் கம்பெனி ஒன்று குத்தகைக்குக் கேட்டது. பட்டா நகலோடு நிலத்தின் எல்லையை, கூகுள் எர்த்தில் திறக்கிற கேஎம்எல் ஃபைலாகவும் அனுப்பச் சொன்னார்கள்.

நாலு வருடம் முன்பு லைசென்ஸ் சர்வேயரை வைத்து டிஜிபிஎஸ் கருவியில் அளந்திருந்தோம். அவர் கொடுத்த அட்டவணையின் ஸ்கேன் மட்டும்தான் கையில் இருந்தது, அதுவும் கொஞ்சம் சாய்ந்து போன ஸ்கேன். ஒவ்வொரு கல்லுக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டும் டிகிரி, நிமிடம், விநாடி என்று போட்டிருந்தது. அதை தசம எண்ணாக மாற்றி ஃபைல் செய்து தர மதுரையில் ஒரு கடையில் கொடுத்தேன். டிடிபி, ஜெராக்ஸ், பிளான் வரைதல் எல்லாம் செய்யும் கடை. 1,500 ரூபாய் வாங்கினார்கள். மறுநாள் வாட்ஸ்அப்பில் ஃபைல் வந்தது. நான் திறந்துகூடப் பார்க்காமல் கம்பெனிக்கு அனுப்பிவிட்டேன். அது என் தப்பு.

இரண்டு நாள் கழித்து கம்பெனி ஆள் போன் செய்தார். "சார், நிலம் மேலூர்னு சொன்னீங்க. இது அழகர்கோவிலுக்குத் தெற்கே காட்டுதே?"

என்ன நடந்தது என்று சொல்கிறேன். எங்கள் முதல் கல் அட்டவணையில் இப்படி இருக்கிறது: 10°02'34.18" வடக்கு, 78°21'07.65" கிழக்கு. கடையில் செய்த வேலை, டிகிரிக் குறி இருந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்து, மீதி எண்களை ஒட்டிப் போட்டதுதான்: 10.023418, 78.210765. இதற்குத்தான் 1,500.

ஒரு டிகிரிக்கு 60 நிமிடம், ஒரு நிமிடத்துக்கு 60 விநாடி. ஆகவே நிமிடத்தை 60-ஆலும் விநாடியை 3600-ஆலும் வகுத்து டிகிரியோடு கூட்ட வேண்டும். 2-ஐ 60-ஆல் வகுத்தால் 0.033333. 34.18-ஐ 3600-ஆல் வகுத்தால் 0.009494. பத்தோடு சேர்த்தால் 10.042828. அதே மாதிரி கிழக்கு எண் 78.352125. கடை கொடுத்த எண்ணுக்கும் இதற்கும் கிழக்கு மேற்காக மட்டும் பதினைந்தரை கிலோமீட்டர் வித்தியாசம், தெற்கே இன்னொரு இரண்டு கிலோமீட்டர்.

இதுவரை அறியாமை என்று விட்டுவிடலாம். அடுத்து நடந்ததுதான் இந்தப் பதிவுக்குக் காரணம்.

கடைக்குப் போய்ச் சொன்னேன். "சாஃப்ட்வேர் பிரச்சினைண்ணே, சாயங்காலம் சரி பண்ணித் தர்றேன்" என்றார். திருத்தத்துக்கு என்று இன்னும் 500 ரூபாய் வேறு. சாயங்காலம் ஃபைல் வந்தது. இந்த முறை நான் திறந்து பார்த்தேன். எங்கள் ஊர், எங்கள் வண்டிப்பாதை, முதல் கல் சரியாக வேப்பமரத்தடியில். எண்ணும் 10.042828, 78.352125. திருப்தியாக இருந்தது. ஆனால் கட்டம் ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது. கூகுள் எர்த் புரோவில் அந்தக் கட்டத்தின் பரப்பளவைப் பார்த்தால் 0.67 ஏக்கர். எங்க தாத்தா காலத்தில்கூட அது 67 சென்ட்டாக இருந்ததில்லை.

ஃபைலை நோட்பேடில் திறந்து பழைய எண்களோடு ஒப்பிட்டபோது விஷயம் புரிந்தது. முதல் கல்லை மட்டும் கூகுள் மேப்பில் தேடி எடுத்திருக்க வேண்டும். அதன் தேடல் பெட்டியில் டிகிரி, நிமிடம், விநாடியோடு அப்படியே அடித்தால் தசம எண் கீழே வந்துவிடும். மீதி ஐந்து கல்லையும் அப்படி எடுக்கச் சோம்பல். பழைய எண்ணுக்கும் புது எண்ணுக்கும் முதல் கல்லில் வந்த வித்தியாசத்தை மற்ற எல்லாவற்றோடும் கூட்டிவிட்டார்கள். தப்பான படத்தை அப்படியே தூக்கி மேலூரில் வைத்த கணக்கு.

இரண்டாவது கல்லைப் பாருங்கள். அட்டவணையில் கிழக்கு 78°21'12.41". முதல் கல்லிலிருந்து 4.76 விநாடி. நம் பக்கம் தீர்க்கரேகையில் ஒரு விநாடி ஏறக்குறைய 30.4 மீட்டர், ஆக 145 மீட்டர். சர்வேயரின் ஸ்கெட்ச்சிலும் அந்தப் பக்கம் 145 மீட்டர்தான். கடையின் கணக்கில் அந்த 4.76 விநாடி 0.000476 டிகிரி ஆகிவிட்டது, அதாவது 52 மீட்டர். ஒட்டிப் போடும்போது ஒரு விநாடி என்பது 3600-ல் ஒரு பங்காக இல்லாமல் பத்தாயிரத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. நீளம் 36 சதவீதம், பரப்பு 13 சதவீதம். 5.20-ல் 13 சதவீதம்தான் அந்த 67 சென்ட்.

எல்லாக் கல்லும் ஒரே நிமிடத்துக்குள் இருப்பதால் எங்கள் நிலம் அழகாகச் சுருங்கியது. நிலத்தின் நடுவே நிமிடம் மாறினால் படம் அந்த இடத்தில் இழுத்துக்கொள்ளும். 59-வது விநாடிக்கு அடுத்து 60 முதல் 99 வரை யாரும் எழுதமாட்டார்களே, அந்த ஓட்டையை ஒட்டுக் கணக்கு நிலமாக எண்ணிவிடும்.

பிறகு நானும் தங்கச்சி மகனும் உட்கார்ந்து எக்செல்லில் செய்தோம். டிகிரி, நிமிடம், விநாடி மூன்றும் தனித்தனிக் கட்டத்தில், நான்காவதில் இது:

```
=A2+B2/60+C2/3600
```

ஆறு தசம இலக்கம் வைத்துக்கொண்டோம். நாலோடு வெட்டினால் கல் ஒவ்வொரு திசையிலும் பதினோரு மீட்டர் வரை நகர்ந்துவிடும்.

ஸ்கேனிலிருந்து எண்ணை எடுப்பதுதான் உண்மையான தலைவலி. மருமகன் போன் ஆப்பை வைத்து எழுத்தாக மாற்றினான். டிகிரிக் குறியை அது பூஜ்ஜியமாகப் படித்து 10002 என்று கொடுத்தது. அது பார்த்ததும் தெரிகிறது. ஐந்தாவது கல்லில் 29.83 விநாடியை 29.33 என்று படித்தது. அது எந்தச் சூத்திரத்திலும் மாட்டாது. 72 மீட்டர் இருக்க வேண்டிய பக்கம் 87 என்று வந்தபோதுதான் ஸ்கேனைப் பெரிதாக்கிப் பார்த்து எட்டு என்று கண்டோம். ஸ்கெட்ச்சில் ஒவ்வொரு பக்கத்துக்கும் மீட்டர் எழுதியிருக்கும். கூகுள் எர்த்தில் ரூலர் வைத்து எல்லாப் பக்கத்தையும் அளந்து ஒப்பிடுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் அளந்து விட்டால் எட்டும் மூன்றும் தப்பிவிடும்.

நானும் ஒரு கூத்து அடித்தேன். கேஎம்எல்லில் கிழக்கு எண் முதலில் வர வேண்டும், இப்படி:

```
78.352125,10.042828,0
```

நான் மாற்றிப் போட்டதில் எங்கள் மானாவாரி நிலம் நார்வேக்கு வடக்கே, ஸ்வால்பார்டுக்கு மேற்கே கடலில் மிதந்தது.

திருத்திய ஃபைலில் பரப்பு 5.19 ஏக்கர் வந்தது. கம்பெனி ஏற்றுக்கொண்டது. கடைக்குப் போய் இரண்டு ஃபைலையும் காட்டிப் பணம் கேட்டதற்கு, நிறைய பேசிய பிறகு 500-ஐ மட்டும் திருப்பித் தந்தார். 1,500 போனதுதான்.

இதே மாதிரி எங்காவது ஃபைல் வாங்கி வைத்திருப்பவர்கள் நோட்பேடில் திறந்து பாருங்கள். புள்ளிக்கு அடுத்த இரண்டு இலக்கம் அட்டவணையின் நிமிடமாகவும், அதற்கடுத்த இரண்டு விநாடியாகவும் அப்படியே இருந்தால் அது ஒட்டு வேலை. இடம் சரியாக இருந்து அளவு குறைந்தால் எங்களுக்குச் செய்த இரண்டாவது வேலை. முதல் கல்லை விட்டுவிட்டு கடைசிக் கல்லைச் சரிபாருங்கள்.