மாமாவின் கைக்கூட்டலும் பில் எண் கூட்டலும்: மூன்று வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

போன வாரம் ஒரு தோழி கேட்டாள்: "நீ மாமாவோட பில் கணக்கைச் சரிபார்க்கப் போட்டுக் கொடுத்தியே ஒரு ஷீட், அது உருப்படியா வேலை செய்யுதா, நானும் போடட்டுமா?" அவள் கேட்ட நேரம் சரியில்லை. அன்றைக்குத்தான் அந்த ஷீட்டோடு இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டி, கூடவே மாமாவிடம் வார்த்தையும் விட்டிருந்தேன். ஆறின பிறகு எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன், முழுதாக ஆறவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

முதலில் மாமாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவர் கூட்டல் தெரியாதவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஐம்பது பில் கொண்ட ஒரு புத்தகம் முடிந்ததும் கார்பன் காப்பிகளைக் கட்டாகக் கட்டி, ஒரு தாளில் தொகைகளை வரிசையாக எழுதி, மேலிருந்து கீழ் ஒரு முறையும் கீழிருந்து மேல் ஒரு முறையும் கூட்டுவார். இரண்டும் ஒத்துப்போனால்தான் தாளின் அடியில் கோடு போட்டுத் தொகையை எழுதுவார். கால்குலேட்டர் தொட மாட்டார். இத்தனை நாளில் அந்தக் கூட்டலில் ஒரு தவறுகூட நான் பார்த்ததில்லை, என் தட்டச்சில்தான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆரம்பத்தில் எங்கள் சரிபார்ப்பு இவ்வளவுதான்: நான் ஒவ்வொரு பில்லையும் ஷீட்டில் ஏற்றுவேன், `A` வரிசையில் பில் எண், `B` வரிசையில் தொகை. அடியில் `SUM` வரும். அது மாமாவின் தாளில் இருக்கும் தொகையோடு ஒத்துப்போனால் கட்டை மூடிவிடுவோம். ஆறு மாதம் இப்படியே ஓடியது. இரண்டு பேரும் தனித்தனியாகக் கூட்டுகிறோம், இரண்டும் ஒன்றாக வருகிறது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்றுதான் நானும் நினைத்தேன்.

அதில் இருந்த ஓட்டை எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. நாங்கள் தனித்தனியாகக் கூட்டினோமே தவிர, கூட்டியது ஒரே கட்டை. கட்டிலேயே ஒரு பில் இல்லையென்றால் அவர் கூட்டலிலும் அது இருக்காது, என் கூட்டலிலும் இருக்காது, இரண்டும் அழகாக ஒத்துப்போகும். கூட்டலைச் சரிபார்த்தோம், கட்டு முழுதா என்பதை யாருமே பார்க்கவில்லை.

அந்த மாதம் வந்த புத்தகம் 2101 முதல் 2150 வரை. மாமாவின் தாளில் 86,415, ஷீட்டிலும் 86,415. வழக்கம்போல மூடியிருப்பேன். ஆனால் கணக்குப் பாடத்தில் எப்போதோ படித்த ஒன்று நினைவுக்கு வந்து, சும்மா பார்ப்போமே என்று அன்றைக்குத்தான் போட்டேன். துளை அட்டைகளில் கணக்கை ஏற்றிய காலத்திலேயே கட்டுக்கட்டாக வரும் ரசீதுகளுக்கு மூன்று சோதனை வைப்பார்கள்: எத்தனை ரசீது, மொத்தத் தொகை எவ்வளவு, அப்புறம் ரசீது எண்களையே கூட்டினால் எவ்வளவு. எண்களைக் கூட்டி வரும் தொகைக்குத் தனியாக ஒரு பொருளும் கிடையாது, சரிபார்க்க மட்டும்தான் அது. ஹாஷ் டோட்டல் என்பார்கள். அதைத்தான் போட்டேன். புத்தக அட்டையைப் பார்த்து முதல் எண்ணை `E1`-இலும் கடைசி எண்ணை `E2`-இலும் எழுதிவிட்டு:

```
=E2-E1+1-COUNT(A2:A51)
=(E1+E2)*(E2-E1+1)/2-SUM(A2:A51)
```

முதல் வரி எத்தனை பில் குறைகிறது என்று சொல்லும். இரண்டாவது, வரிசை முழுதாக இருந்தால் எண்களின் கூட்டுத்தொகை என்ன வர வேண்டுமோ அதிலிருந்து, உண்மையில் ஏற்றிய எண்களின் கூட்டுத்தொகையைக் கழிக்கும். 2101-ம் 2150-ம் சேர்ந்தால் 4251, அதை ஐம்பதால் பெருக்கி இரண்டால் வகுத்தால் 106275. ஷீட்டில் இருந்த எண்களைக் கூட்டினால் 104138. முதல் செல்லில் 1, இரண்டாவது செல்லில் 2137.

அந்த 2137-ஐப் பார்த்த நொடி எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஏதோ ஒன்று தவறு என்று மட்டும் சொல்லியிருந்தால்கூட நன்றி சொல்லியிருப்பேன், இது விடுபட்ட பில்லின் எண்ணையே கொண்டுவந்து நீட்டியது. ஒரே ஒரு பில் விடுபட்டால் வித்தியாசமே அந்த பில் எண்தான், வேறு எதுவாகவும் இருக்க முடியாது. மூன்று வருடம் கழித்தும் இந்த ஷீட்டில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

மாமாவிடம் சொன்னேன். "ஏம்மா, ரெண்டு தடவை கூட்டியிருக்கேன், உன் தொகையும் அதேதானே?" என்றார்.

"தொகை சரிதான் மாமா, கட்டுல 2137 இருக்கான்னு மட்டும் பாருங்க."

ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். 2136-க்குப் பிறகு 2138 வந்தது. கொஞ்ச நேரம் பேசவில்லை, பிறகு எழுந்துபோய் சரக்கு அனுப்பிய கோப்பை எடுத்து வந்தார். அது கடன் பில். சரக்கோடு அனுப்பிக் கையெழுத்து வாங்குவதற்காக அந்தக் காப்பியை மட்டும் கிழித்திருக்கிறார், திரும்பி வந்தது கோப்பிலேயே தங்கிவிட்டது. தொகை 4,280. கடன் என்பதால் பெட்டியில் பணம் குறையவில்லை, தினசரிப் பண எண்ணிக்கையும் அதைக் காட்டிக்கொடுக்கவில்லை. எங்கள் நிலுவைப் பட்டியலிலும் அது ஏறவில்லை, அதாவது யாரும் அந்தப் பணத்தை எந்த நாளும் கேட்டிருக்கப் போவதில்லை.

மாமா தன் தாளில் 86,415-ஐ அடித்து 90,695 என்று எழுதினார். அன்றிலிருந்து ஒவ்வொரு கட்டின் மேலும் முதல் எண், கடைசி எண் இரண்டையும் தானே எழுதிக் கொடுக்கிறார். அது மிக முக்கியம். முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் `MIN`, `MAX` போட்டு ஷீட்டே எடுத்துக்கொள்ளட்டும் என்று ஒரு மாதம் சோம்பேறித்தனமாக மாற்றிப் பார்த்தேன். கடைசி பில்லே விடுபட்டால், அதற்கு முந்தைய எண்தான் கடைசி என்று எடுத்துக்கொண்டு சூத்திரம் பூஜ்ஜியம் காட்டிவிடும் என்று புரிந்ததும் பழையபடியே ஆக்கிவிட்டேன். அந்த இரண்டு எண்ணும் புத்தக அட்டையிலிருந்துதான் வர வேண்டும். ரத்தான பில்லையும் தொகை 0 போட்டு எண்ணோடு ஏற்றிவிட வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு மாதமும் அதைத் தேடிக்கொண்டிருப்போம்.

இரண்டு பில் விடுபட்டால் அந்த அழகு போய்விடும். முதல் செல் 2, இரண்டாவது செல் 4250 என்று வந்தால் அது 2119-ம் 2131-ம் ஆக இருக்கலாம், 2120-ம் 2130-ம் ஆகவும் இருக்கலாம். அதேபோல ஒன்றை விட்டுவிட்டு அதற்கு முந்தையதை இரண்டு முறை ஏற்றினால் எண்ணிக்கை சரியாகவே இருக்கும், வித்தியாசம் மட்டும் 1 என்று நிற்கும். முதல் செல் பூஜ்ஜியம் என்று திருப்தியாகி எழுந்துபோகக் கூடாது, நான் ஒரு முறை போனேன். இந்த மாதிரி நேரத்துக்காக `D` வரிசையில் ஐம்பது எண்ணையும் வரிசையாக எழுதி, பக்கத்து `C` வரிசையில் இதை வைத்திருக்கிறேன்:

```
=COUNTIF(A$2:A$51,D2)
```

0 வந்தால் அந்த பில் இல்லை, 2 வந்தால் இரண்டு முறை ஏறியிருக்கிறது.

இனி போன வாரத்துக்கு வருகிறேன். புத்தகம் 3851 முதல் 3900 வரை. எல்லாம் ஏற்றி முடித்தால் ஒரு பில் குறைவு, எண் 3888. மாமாவைக் கூப்பிட்டு, "மறுபடியும் கிழிச்சு எங்கேயோ வெச்சிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட விதமும் நன்றாக இல்லை. அவர் கோப்புகள் எல்லாவற்றையும் இறக்கித் தேடினார், வயதான மனிதர், குனிந்து குனிந்து. கடைசியில் பார்த்தால் 3888 கட்டிலேயே இருந்தது, ஷீட்டிலும் இருந்தது! செல்பேசியில் வந்த செய்தியிலிருந்து அந்த ஒரு வரியை மட்டும் ஒட்டியிருந்தேன், அந்தச் செல் உரை வடிவத்தில் இருந்ததால் 3888 எண்ணாக இல்லாமல் எழுத்தாக உட்கார்ந்திருந்தது. `SUM`-ம் `COUNT`-ம் எழுத்தைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும். ஆனால் `COUNTIF` எழுத்தாக இருக்கும் 3888-ஐயும் எண்ணோடு பொருத்திப் பார்த்து 1 என்று சொல்லும். ஒரே ஷீட்டில் ஒரு சூத்திரம் இல்லை என்கிறது, இன்னொன்று இருக்கிறது என்கிறது. இப்படி இரண்டும் முரண்பட்டால் காரணம் அநேகமாக எழுத்தாக ஏறிய எண்தான் என்று இப்போது எனக்குத் தெரியும், அன்றைக்கு `COUNTIF` பக்கம் நான் பார்க்கவே இல்லை.

மூன்று வருடமாக என்னை விடாமல் பாடுபடுத்துவது இந்த ஒன்றுதான். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, கூர்ந்து பார்த்தால் எண் செல்லின் வலது ஓரத்துக்குப் பதில் இடது ஓரத்தில் ஒட்டியிருக்கும், நான் எல்லாவற்றையும் நடுவில் நிறுத்தி வைத்திருந்ததால் அந்த அடையாளமும் போயிற்று. இப்போது நடு நிறுத்தலை எடுத்துவிட்டு, இதை எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருக்கிறேன்:

```
=COUNTA(A2:A51)-COUNT(A2:A51)
```

இது பூஜ்ஜியமாக இல்லாதவரை கீழே வேறு எதையும் பார்ப்பதில்லை.

ஆக, தோழிக்கு என்ன சொல்வது? விடுபட்ட கடன் பில்லைப் பிடித்துக் கொடுத்தது இது, அதை மறக்கவே மாட்டேன். அப்படியிருந்தும் இன்றைக்கு என்னைக் கேட்டால் போடாதே என்றுதான் சொல்வேன். ஐம்பது எண்ணை ஒரு தாளில் எழுதி ஒவ்வொன்றாக டிக் அடித்தாலும் இதே வேலை நடக்கும், அந்தத் தாள் ஒருபோதும் இருக்கிற பில்லை இல்லை என்று சொல்லாது. மாமாவிடம் இதைச் சொன்னேன், அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "அந்த 4,280 வந்துச்சா இல்லையா?" என்று கேட்டார். அடுத்த கட்டும் வந்துவிட்டது, மேலே அவர் கையெழுத்தில் 3901, 3950, ரத்து 3918. நாளைக் காலையில் உட்கார்ந்து ஏற்ற வேண்டும்.