பிறந்த விவரமே இல்லாத வரன்: பெயர் எழுத்தா, மீட்டெடுத்த நட்சத்திரமா?

ஜாதகம் எழுதவில்லை, பிறந்த நேரமும் தெரியாது, பள்ளிச் சான்றிதழில் இருப்பது சேர்க்கைக்காகப் போட்ட ஜூன் மாதத் தேதி. இப்படி ஒரு வரன் வந்தால் வீட்டில் இரண்டு வழி பேசப்படும். ஒன்று, பெயரின் முதல் எழுத்தை வைத்து நட்சத்திரம் எடுப்பது. இன்னொன்று, பெரியவர்களின் ஞாபகத்திலிருந்து உண்மையான ஜன்ம நட்சத்திரத்தைத் தேடிப் பிடிப்பது. பலரும் முதல் வழிக்கே போகிறார்கள், ஏனென்றால் அதற்கு ஐந்து நிமிஷம் போதும். எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை.

பஞ்சாங்கத்தில் ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் பாதத்துக்கு ஒன்றாக நான்கு எழுத்துகள் உண்டு. மகத்துக்கு மா, மி, மு, மே. கார்த்திகைக்கு அ, இ, உ, எ. குழந்தை பிறந்த பாதத்துக்கு ஏற்ற எழுத்தில் பெயர் வைப்பதற்காக இருக்கும் அட்டவணை இது. அப்படி வைத்த பெயர் என்றால் எழுத்திலிருந்து நட்சத்திரத்துக்குத் திரும்பி வரலாம். ஆனால் பிறந்த விவரமே குறித்து வைக்காத வீட்டில், பெயர் பெரும்பாலும் தாத்தாவிடமிருந்தோ குலதெய்வத்திடமிருந்தோ வந்திருக்கும். அங்கே அந்த எழுத்து நட்சத்திரத்தைக் காட்டாது.

அடுத்த சிக்கல் நம் எழுத்து முறையில் இருக்கிறது. அட்டவணை வடமொழி ஒலிகளை வைத்துப் போட்டது. அதில் நான்கு வகைப் 'ப' உண்டு, தமிழில் ஒன்றுதான். பெண் பானுமதி, பையன் முருகன் என்று வைத்துக்கொள்வோம். முருகனுக்கு 'மு', அதாவது மகம். பானுமதியைத் தமிழ் எழுத்துப்படி 'பா' என்று எடுத்தால் உத்திரம். வடமொழி ஒலிப்படி அழுத்தமான 'பா' என்று எடுத்தால் மூலம்.

உத்திரத்திலிருந்து மகம் வரை எண்ணினால் 26. அதை 9-ஆல் வகுக்க மீதி 8, தினப் பொருத்தம் உண்டு. ரஜ்ஜுவும் பெண்ணுக்கு உதரம், பையனுக்குப் பாதம் என்று வேறுபடுகிறது, சரி. கணம் மட்டும் மனுஷ கணப் பெண், ராட்சச கணப் பையன் என்று தட்டுகிறது. மூலமாக எடுத்தாலோ எல்லாம் தலைகீழ்: எண்ணிக்கை 19, மீதி 1, தினம் இல்லை. மூலமும் மகமும் பாத ரஜ்ஜு என்பதால் ரஜ்ஜுவும் இல்லை. கணம் மட்டும் சேர்ந்துவிடுகிறது. ரஜ்ஜு இல்லை என்றால் பல வீடுகளில் பேச்சே நின்றுவிடும். ஒரு ஜோசியர் 'செய்யலாம்' என்பார், அடுத்தவர் 'வேண்டவே வேண்டாம்' என்பார். இருவரும் பார்த்தது ஒரே பெயரைத்தான்.

இன்னொன்றும் உண்டு. உமாவுக்கும் இளங்கோவுக்கும் பெயரால் பார்த்தால் இருவருமே கார்த்திகை, ஒரே ரஜ்ஜு. உயிரெழுத்தில் தொடங்கும் பெயர்களில் ரொம்பப் பேர் இப்படி ஒரே நட்சத்திரத்தில் போய் விழுகிறார்கள்.

நட்சத்திரத்தை மீட்டெடுக்கும் வழிக்குப் பொறுமை வேண்டும். பாட்டியிடம் தேதி கேட்டால் கிடைக்காது. அன்றைக்கு ஊரில் என்ன விசேஷம் என்று கேளுங்கள். 'தைப்பூசத்தன்று காவடி பார்க்கப் போன நேரம் வலி எடுத்தது' என்றால் பூசம் கிடைத்துவிட்டது, வருஷம்கூடத் தேவையில்லை. பங்குனி உத்திரம், வைகாசி விசாகம், மாசி மகம் எல்லாமே இப்படி உதவும். பகலா இரவா என்றும் கட்டாயம் கேட்க வேண்டும். ஒரு நட்சத்திரம் சுமார் 24 மணி நேரம்தான் நிற்கும், நடுப்பகலிலும் மாறும். பூசத்தன்று இரவில் பிறந்தவருக்கு ஆயில்யம் ஆகியிருக்கலாம். வருஷமும் தெரிந்தால் பழைய பஞ்சாங்கத்தில் அந்த நாளைப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம்.

இதற்கும் எல்லை உண்டு. பாதம் தெரியாதபோது உத்திரம் சிம்மத்திலும் வரும், கன்னியிலும் வரும். அப்போது ராசி, ராசி அதிபதி, வசியம் மூன்றையும் உறுதியாகச் சொல்ல முடியாது. தினம், கணம், யோனி, ரஜ்ஜு, வேதை இவற்றுக்கு நட்சத்திரம் மட்டும் போதும். செவ்வாய் தோஷமும் தசா சந்தியும் இரண்டு வழியிலுமே பார்க்க முடியாது. பெயரை மட்டும் வைத்து 'செவ்வாய் இல்லை' என்று எழுதித் தந்தால் அந்தத் தாளை நம்ப வேண்டாம்.

ஒரு பக்கம் ஜன்ம நட்சத்திரம் கிடைத்து மறுபக்கம் கிடைக்காவிட்டால் இரண்டையும் கலக்கக் கூடாது என்பது பழைய விதி. ஜன்மத்துக்கு ஜன்மம், பெயருக்குப் பெயர். அப்போது இருவருக்கும் பெயரையே எடுக்க வேண்டியதுதான். சான்றிதழில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர் என்றால், தூக்கத்தில் கூப்பிட்டாலும் எழுந்துகொள்ளும் பெயரை எடுப்பது வழக்கம். பொருத்தம் வரும்வரை பெயரை மாற்றிப் பார்ப்பது இந்த முறைக்கே பொருந்தாது.

பெயரால் மட்டும் பார்த்து, ரஜ்ஜு இல்லை என்பதற்காக நல்ல வரனை விடுவது எனக்குச் சம்மதமில்லை. அந்த நிலையில் பல குடும்பங்கள் குலதெய்வக் கோயிலில் பூ கேட்டு முடிவெடுக்கின்றன. அந்தத் தீர்ப்பு எழுத்தை எப்படி உச்சரிக்கிறோம் என்பதைப் பொறுத்து மாறாது. அப்படியும் பெயர்ப் பொருத்தமே பார்ப்பதென்றால், எந்த எழுத்தை எந்த நட்சத்திரமாக எடுத்தார் என்று ஜோசியரைக் கேட்டுத் தாளிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.